கனடா வொர்க் பெர்மிட் கவர் லெட்டர்: வேலைப்பெயரும் படிப்பும் பொருந்தாவிட்டால் எங்கே பார்ப்பது

இது கனடாவிலிருந்து எல்எம்ஐஏ வழியாக வேலை கிடைத்து, வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கப்போகும் ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. படித்தவர்களுக்கானது. எல்எம்ஐஏ என்பது அந்த வேலைக்கு வெளிநாட்டு ஆளை எடுக்கலாம் என்று கனடா அரசு முதலாளிக்குத் தரும் ஒப்புதல் கடிதம். விண்ணப்பத்தோடு வைக்கும் கவர் லெட்டரைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. இலக்கணப் பிழைகளால் பெரிய கேடு வருவதில்லை. ஒரே ஆள் மூன்று காகிதங்களில் மூன்று வேலைப்பெயரோடு நிற்பதுதான் கேடு. "இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா?" என்று அதிகாரி பார்த்தாக வேண்டும். முடியாது என்று நம்பக் காரணம் இருந்தால் பெர்மிட் தரக்கூடாது என்பது அங்கே விதி. தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழைய முடியாது.

கடிதத்தைத் திறக்கும் முன் இவற்றை மேசையில் வையுங்கள்: ஆஃபர் லெட்டர், எல்எம்ஐஏ கடிதம், எல்லாப் படிப்புச் சான்றிதழ்களும், ஒவ்வொரு கம்பெனியின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பதவி உயர்வுக் கடிதம், அனுபவச் சான்றிதழ், நிரப்பிய IMM 1295 என்ற வொர்க் பெர்மிட் விண்ணப்பப் படிவம். கையில் ஒரு பென்சில். சரிபார்க்கும்போது கடிதத்தைப் படித்துவிட்டுச் சான்றிதழைத் தேடாதீர்கள். சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தேதியையும் எடுத்து, அது கடிதத்தில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தை முதலில் படித்தால் அது சொல்லும் கதை மனதில் பதிந்துவிடும், அப்புறம் கண் பிழையைப் பார்க்காது.

ஒரு கடிதத்தையே எடுத்துக்கொண்டு போகலாம். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். ஐடிஐ ஃபிட்டர், பிறகு அப்ரண்டிஸ், பிறகு இரண்டு கம்பெனிகளில் மெஷின் மெயின்டனன்ஸ். ஒன்டாரியோவில் ஒரு தொழிற்சாலை ‘இண்டஸ்ட்ரியல் மெக்கானிக்’ வேலைக்கு எடுத்திருக்கிறது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன், தேதிகளையும் மாற்றியிருக்கிறேன். அவர் கொண்டுவந்த கடிதத்தின் முதல் பத்தி இது:

```
I am a qualified Mechanical Engineer with a Diploma
in Fitter and 12 years of experience. I am applying
for the position of Maintenance Fitter (NOC 7311).
```

இரண்டே வாக்கியங்கள், ஆனால் கீழே வரும் முதல் நான்கு அறிகுறிகளும் இதற்குள் இருக்கின்றன.

## அறிகுறி 1: கடிதத்தில் ஒரு வேலைப்பெயர், ஆஃபர் லெட்டரில் வேறொன்று

தன்னைத் தான் அழைத்துக்கொள்ளும் பெயரை எழுதியிருந்தால். அடிக்கடி நடப்பது இதுதான், சரிசெய்வதும் எளிது. நம் ஊரில் இந்த வேலைக்கு ‘மெயின்டனன்ஸ் ஃபிட்டர்’ என்று பெயர். அங்கே இதே வேலையை மில்ரைட் என்றும் இண்டஸ்ட்ரியல் மெக்கானிக் என்றும் சொல்வார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று நமக்குத் தெரிகிறது. கோப்பைச் சில நிமிடங்களில் பார்த்து முடிக்கிற அதிகாரி அதை ஊகித்துக்கொள்ள வேண்டிய நிலையில் விடக்கூடாது. கனடாவில் செய்யப்போகும் வேலையைச் சொல்லும் இடங்களிலெல்லாம் எல்எம்ஐஏவில் அச்சான பெயரை மட்டும் எழுதுங்கள். கடிதக் கோப்பில் Ctrl+F போட்டு மற்றப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். கீழே கையெழுத்துக்கு மேலேயும் ‘சப்ஜெக்ட்’ வரியிலும் பழைய பெயர் ஒளிந்திருக்கும்.

வேறொருவருடைய கடிதத்தைப் பார்த்து எழுதியிருந்தால். இதற்கு நல்ல சாட்சி என்ஓசி எண். தடையின்மைச் சான்று அல்ல, கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டு எண். 2022 நவம்பரிலிருந்து குடிவரவு வேலைகளுக்கு ஐந்து இலக்க எண்தான். தம்பியின் கடிதத்தில் 7311 என்று நான்கு இலக்கம் இருந்தது. அது 2016 பதிப்பின் எண். இப்போது அதே தொழிலுக்கு 72400. நான்கு இலக்கம் கண்ணில் பட்டாலே கடிதம் பழைய மாதிரியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டு, கம்பெனி பெயர், ஊர், மாகாணம், சம்பளம், எல்எம்ஐஏ எண் எல்லாவற்றையும் ஒருமுறை ஆஃபர் லெட்டரோடு ஒட்டிப் பாருங்கள். வேலைக்கு எந்த அளவு படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்று காட்டும் ‘டீயர்’ நிலையும் கடிதத்தில் எழுதியிருந்தால், அது ஐந்து இலக்க எண்ணின் இரண்டாவது இலக்கம்தான். 72400 என்றால் டீயர் 2.

ஆஃபர் லெட்டரும் எல்எம்ஐஏவும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால். இங்கே கவர் லெட்டரில் எதை எழுதினாலும் ஒன்றோடு மோதும். முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பி, எல்எம்ஐஏவில் உள்ளபடி ஆஃபர் லெட்டரைத் திருத்தி வாங்குங்கள். எல்எம்ஐஏவிலேயே தவறு என்றால் முதலாளிதான் அந்த அலுவலகத்தோடு பேச வேண்டும், நீங்கள் பேச முடியாது.

பெயர்கள் பொருந்துகின்றன, ஆனால் வேலையே வேறு என்றால். எல்எம்ஐஏ இண்டஸ்ட்ரியல் மெக்கானிக்குக்கு, உங்கள் அனுபவமோ முழுக்க சிஎன்சி ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது சொல் திருத்தத்தில் தீராது. இங்கேயே நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ கனடா வழக்கறிஞரிடமோ போங்கள். எந்த என்ஓசி உங்களுக்குப் பொருந்தும் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்ல எனக்கும் உரிமை இல்லை, தெருமுனை ஏஜெண்டுக்கும் இல்லை. ஆலோசகரின் பெயர் கனடாவின் குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

## அறிகுறி 2: ‘இன்ஜினியர்’ என்ற சொல் வருகிறது, பி.இ. சான்றிதழ் இல்லை

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். நல்ல நேர்மையான ஆட்கள் பொய்யர் போலத் தெரிவது இங்கேதான். நம் ஊர் ஆலைகளில் ஐடிஐ படித்தவரும் சில வருடங்களில் ‘இன்ஜினியர் – மெயின்டனன்ஸ்’ ஆகிவிடுவார். கம்பெனி கொடுத்த பதவி அது, அடையாள அட்டையிலும் இருக்கும். கனடாவிலோ அந்தப் பட்டத்தை மாகாணச் சட்டங்கள் காக்கின்றன. ஒன்டாரியோவில் தொழில்முறை அமைப்பின் உரிமம் பெற்றவர்தான் தன்னைப் ‘புரொஃபஷனல் இன்ஜினியர்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே அந்தச் சொல் எங்கே, எந்த உருவில் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

தன்னைப் பற்றிய வர்ணனையாக வந்தால். ‘நான் ஒரு தகுதி பெற்ற மெக்கானிக்கல் இன்ஜினியர்’ என்பது போல இருந்தால் நீக்கிவிடுங்கள். பி.இ. படித்தவரும் ‘மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் பி.இ. பட்டம் பெற்றிருக்கிறேன்’ என்று எழுதினால் போதும்.

கம்பெனி கொடுத்த பதவியாக வந்தால். இதை நீக்கக்கூடாது. அழகுக்காக ‘டெக்னீஷியன்’ என்று மாற்றினால் அனுபவச் சான்றிதழோடு மோதும். பதவியைச் சான்றிதழில் உள்ளபடி மேற்கோள் குறிக்குள் எழுதி, எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லி, அடுத்த வாக்கியத்தில் கையால் என்ன வேலை செய்தார் என்று எழுதுங்கள்: பம்ப், கியர்பாக்ஸ் கழற்றிப் பேரிங் மாற்றியது, டயல் கேஜ் வைத்துக் கப்ளிங் அலைன்மென்ட் பார்த்தது, ஹைட்ராலிக் சிலிண்டருக்கு சீல் மாற்றியது. அந்த ஒரு வாக்கியம் அதிகாரியின் ஐயத்தைத் தீர்க்கும்.

அனுபவச் சான்றிதழே தவறான படம் காட்டினால். தம்பியின் இப்போதைய கம்பெனி, ‘ஜூன் 2017 முதல் இன்ஜினியர் – மெயின்டனன்ஸ் ஆகப் பணிபுரிகிறார்’ என்று ஒரே வரியில் கொடுத்திருந்தது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலோ 2017இல் ‘டெக்னீஷியன்’. பதவி உயர்வு ஏப்ரல் 2021இல்தான். மனிதவளப் பிரிவுக்காரர்கள் பெரும்பாலும் கணினியில் இப்போது இருக்கும் பதவியையும் சேர்ந்த தேதியையும் மட்டும் எடுத்துப் போடுவார்கள், அதனால்தான் இது வருகிறது. இரண்டு பதவிகளையும் தனித்தனித் தேதியோடு போட்டுத் தரச் சொல்லிப் புதிய சான்றிதழ் கேளுங்கள். தர மறுத்தால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பதவி உயர்வுக் கடிதம் இரண்டையும் இணைத்து, ‘சான்றிதழில் தற்போதைய பதவி மட்டும் குறிப்பிடப்பட்டிருக்கிறது, முந்தைய பதவிக்கான கடிதம் இணைப்பில் உள்ளது’ என்று கவர் லெட்டரில் ஒரு வாக்கியம் சேருங்கள். சான்றிதழை நீங்களே தட்டச்சு செய்து பழைய லெட்டர்ஹெட்டில் அச்சடிக்கும் வேலைக்கு மட்டும் போகவே கூடாது. கம்பெனிக்கு ஒரு போன் போட்டாலே தெரிந்துவிடும்.

கனடாவில் அந்த வேலைக்கே உரிமம் வேண்டுமென்றால். சில தொழில்களுக்கு மாகாணச் சான்று இல்லாமல் வேலையில் இறங்க முடியாது. ஒன்டாரியோவில் எலக்ட்ரீஷியன் வேலை அப்படி. மில்ரைட்டுக்கு அங்கே கட்டாயமில்லை. கடிதத்தில் ‘சர்டிஃபைட்’, ‘லைசென்ஸ்டு’, ‘ரெட் சீல்’ என்று எதாவது எழுதியிருந்தால், அதற்கான காகிதம் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு எலக்ட்ரிக்கல் லைசென்ஸை வெறுமனே ‘லைசென்ஸ்டு எலக்ட்ரீஷியன்’ என்று எழுதினால் கனடா உரிமம் என்று படிக்கப்படும். யார் கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கட்டாயச் சான்று தேவைப்படும் தொழில், கையில் எதுவும் இல்லை என்றால் அது ஆலோசகர் பார்க்க வேண்டிய விஷயம்.

## அறிகுறி 3: படிப்பின் பெயர் சான்றிதழில் உள்ளபடி இல்லை

ஐடிஐ ‘டிப்ளமோ’ ஆகியிருந்தால். ‘டிப்ளமோ இன் ஃபிட்டர்’ என்று ஒரு படிப்பு ஐடிஐயில் கிடையாது. தம்பியிடம் இருப்பது தேசியத் தொழிற்சான்றிதழ், இரண்டு வருட ஃபிட்டர் பிரிவு, 2012. டிப்ளமோ என்பது பாலிடெக்னிக்கில் படிப்பது. கேட்க நன்றாக இருக்கிறதே என்று எழுதிய ஒரு சொல், இல்லாத படிப்பைக் காட்டியதாக ஆகிவிடும். சான்றிதழின் தலைப்பில் ஆங்கிலத்தில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து நகலெடுங்கள். சான்றிதழ் தேசியக் கவுன்சில் கொடுத்ததா, மாநிலக் கவுன்சில் கொடுத்ததா என்பதையும் பாருங்கள். மாநிலச் சான்றிதழை வைத்துக்கொண்டு தேசியச் சான்றிதழ் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

இருப்பதை எழுதாமல் விட்டிருந்தால். தம்பி தன் அப்ரண்டிஸ் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். "அது ஒரு வருஷ ட்ரெயினிங்தானே அண்ணா" என்றார். கனடாவில் இந்தத் தொழிலுக்கு முதலில் கேட்பதே அப்ரண்டிஸ்ஷிப் முடித்திருக்கிறாரா என்றுதான். ஐடிஐ ஆட்கள் எல்லோரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரிய ஆலையில் அப்ரண்டிஸ் இருந்தவர் தேர்வு எழுதித் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கியிருப்பார், ஆனால் அதைப் படிப்பாகவே நினைத்திருக்க மாட்டார்.

படிப்பு முடிந்தது, பட்டம் வரவில்லை என்றால். அரியர் நிற்கும் பி.இ. பட்டமல்ல. பட்டச் சான்றிதழோ புரொவிஷனலோ இல்லாவிட்டால் ‘பி.இ.’ என்று பெயருக்குப் பின்னால் போடாதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை படித்தார், பட்டம் பெறவில்லை என்று எழுதலாம். அரியரை முடித்தவர்களுக்கு இன்னொரு கண்ணி: 2011–2015 பேட்ச் என்பார், சான்றிதழில் தேர்ச்சி நவம்பர் 2016. படித்த காலம் ஒன்று, தேர்ச்சி பெற்ற மாதம் வேறு, இரண்டையும் தனியாகச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் சான்றிதழில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் சில ஆண்டுகள் ஊர்வாரியாகப் பிரிந்திருந்தது, அந்தக் காலத்துச் சான்றிதழ்களில் ஊர்ப்பெயர் சேர்ந்திருக்கும். இப்போதைய பெயருக்கு மாற்றாதீர்கள்.

‘கனடா டிகிரிக்குச் சமம்’ என்று எழுதியிருந்தால். மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால் மட்டும் எழுதலாம், அறிக்கை சொல்லும் சொற்களிலேயே. இல்லையென்றால் வரியை எடுத்துவிடுங்கள். எல்எம்ஐஏ வழி வொர்க் பெர்மிட்டுக்கு அந்த அறிக்கை பொதுவாகத் தேவையில்லை, எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குத்தான் கேட்கிறார்கள். ஆஃபர் லெட்டரில் முதலாளியே கேட்டிருந்தால் மட்டும் எடுத்தாக வேண்டும்.

## அறிகுறி 4: வருடக் கணக்கு உதைக்கிறது

மாதங்களாகக் கூட்டிப் பாருங்கள், வருடங்களாகக் கழிக்காதீர்கள். தம்பியின் முதல் கம்பெனி அக்டோபர் 2013 முதல் மார்ச் 2017 வரை, 42 மாதம். இரண்டாவது ஜூன் 2017 முதல் மே 2025 முடிய, 96 மாதம். மொத்தம் 138 மாதம், அதாவது 11 வருடம் 6 மாதம். 2025இலிருந்து 2013ஐக் கழித்து 12 என்று போட்டிருந்தார். அரை வருடம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கழித்தலில் ஏப்ரல், மே 2017 இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தது மறைந்துபோகிறது. IMM 1295 கடந்த பத்து வருட வேலை விவரம் கேட்கிறது, அந்த இடைவெளி அதற்குள் வருகிறது. படிவத்தில் தெரியும் இடைவெளி கடிதத்தில் இல்லையென்றால் யாரும் கேள்வி கேட்பார்கள். வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று ஒரு வரி எழுதினால் விஷயம் முடிந்தது.

அப்ரண்டிஸ் காலத்தை அனுபவத்தில் கூட்டாதீர்கள், படிப்போடு வையுங்கள். ‘இன்றுவரை’ என்று எழுதாமல் எந்தத் தேதி நிலவரப்படி என்று சொல்லுங்கள். ஆஃபர் லெட்டரில் ‘குறைந்தது ஐந்து வருடம்’ என்று கேட்டு, உங்கள் கூட்டல் நான்கரைதான் வருகிறது என்றால், அதைக் கடிதத்தால் நீட்ட முடியாது. முதலில் முதலாளியிடம் சொல்லுங்கள், பிறகு ஆலோசகரிடம்.

## அறிகுறி 5: வேலை விவரம் அரசுப் பக்கத்திலிருந்து எடுத்தது போல இருக்கிறது

கடிதத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துத் தேடுபொறியில் மேற்கோள் குறியோடு போடுங்கள். என்ஓசி பக்கம் முதலில் வந்தால் நகல்தான். அனுபவச் சான்றிதழிலும் அதே வாக்கியம் இருந்தால் இன்னும் மோசம், இரண்டையும் ஒரே கை எழுதியது போலத் தெரியும். எந்த மெஷின், எந்தக் கருவி, எத்தனை பேரோடு என்று விண்ணப்பதாரரையே வாயால் சொல்லச் சொல்லி அதை எழுதுங்கள்.

எல்லாம் பார்த்து முடித்தபின் தம்பியின் பத்தி இப்படி ஆனது:

```
I hold a National Trade Certificate (Fitter, two-year
course, 2012) and a National Apprenticeship Certificate
(Fitter, 2013). As of 31 May 2025 I have 11 years and
6 months of machine maintenance experience. I joined my
present company in June 2017 as "Technician"; since
April 2021 my designation is "Engineer - Maintenance".
I am applying to work as Industrial Mechanic (NOC 72400).
```

கடிதத்தைத் திருத்திய கையோடு IMM 1295இல் உள்ள வேலைப்பெயரையும் படிப்பையும் பாருங்கள். கல்விப் பகுதியில் பள்ளிக்குப் பிந்தைய உயர்ந்த படிப்பு ஒன்றைத்தான் கேட்கிறது, மீதியைக் கடிதம்தான் சொல்ல வேண்டும். படிவத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுபடி Validate பொத்தானை அழுத்திச் சேமித்துப் பதிவேற்றுங்கள். கவர் லெட்டருக்குத் தனி இடம் இல்லாவிட்டால் Client Information என்ற இடத்தில் பிடிஎஃப்பாக ஏற்றலாம்.

## சமர்ப்பித்த பிறகு தவறு தெரிந்தால்

தட்டச்சுப் பிழை, என்ஓசி எண் பழையது, தேர்ச்சி மாதம் தவறு. முடிவு வருவதற்குள் குடிவரவுத் துறையின் வெப்ஃபார்ம் வழியாகத் திருத்தக் கடிதம் அனுப்புங்கள். விண்ணப்ப எண், தவறான வரி, சரியான வரி, அதற்கான சான்று, அவ்வளவுதான். நீண்ட மன்னிப்பு வேண்டாம்.

இல்லாத படிப்பு, பெறாத பதவி, வேலை செய்யாத கம்பெனி உள்ளே போயிருந்தால். நீங்களாக எதையும் அனுப்பாதீர்கள். வெப்ஃபார்மில் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் கோப்பில் சேரும். வழக்கறிஞரைப் பார்த்து, அவர் எழுதித் தருவதை அனுப்புங்கள். ஏஜெண்ட் எழுதியது, எனக்குத் தெரியாது என்ற பதில் பெரும்பாலும் எடுபடாது. கையெழுத்து உங்களுடையது.

விளக்கம் கேட்டு அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தால். உங்கள் தகவலில் ஐயம் இருக்கிறது, பதில் சொல்ல வாய்ப்புத் தருகிறோம் என்று அதில் இருக்கும், கெடு தேதியும் இருக்கும். அன்றைக்கே கடிதத்தின் நகல், சமர்ப்பித்த எல்லாக் கோப்புகள், அசல் சான்றிதழ்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடமோ உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ போங்கள். கெடு போதாது என்றால் அது முடியும் முன்பே கூடுதல் நாள் கேட்டு எழுத வேண்டும், அதையும் அவர்களே செய்வார்கள்.